மேசையில் நான்கு மருந்து, உள்ளே ஒன்றே

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். நான்கு நாளாகக் காய்ச்சல், சளி, உடம்பு வலி. கிளினிக் கெசிஹத்தானில் கொடுத்த வெள்ளை மாத்திரையை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை சாப்பிடுகிறார். பட்டணத்துப் பார்மசியில் வாங்கிய சளி மாத்திரை வேளைக்கு ஒன்று, மூன்று வேளை. மத்தியானம் ஒட்டுக்கடையில் இரண்டு பனடோல். ராத்திரி, அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி கொடுத்த பச்சைத் தண்ணீர் மருந்து ஒரு மூடி. நேற்று முதல் குமட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. "எல்லாம் ஒரே மருந்துதான் அண்ணி" என்கிறார் என் நாத்தனார். பெட்டியெல்லாம் வேறு வேறாக இருக்கிறதே, எப்படி ஒன்றாகும்? படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு சகோதரி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தொலைபேசியில் அழைத்தேன். குமட்டல் என்ற ஒரு சொல்லைப் பார்த்த பிறகு, பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று அவசரத்தில் சொன்னதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். பெயர் போடாமல் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல அனுமதி தந்தீர்கள். அதற்கு நன்றி. பக்கத்து லயத்தில் இருப்பவருக்கும் இது உதவும்.

உங்கள் நாத்தனார் சொன்னது சரி. நான்கிலும் இருப்பது பாராசிட்டமோல். பனடோல் என்பது ஒரு வணிகப் பெயர், அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் பாராசிட்டமோல். நம் ஊரில் இந்த இரண்டும் ஒன்று என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கிளினிக்கில் கொடுப்பதை "கவர்மெண்ட் வெள்ளை மாத்திரை" என்றும், கடையில் வாங்குவதைப் "பனடோல்" என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். கிளினிக் மாத்திரையில் சத்து குறைவு, பனடோல்தான் கேட்கும் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் பார்மசி கவுண்டரில் பார்க்கிறேன். இரண்டிலும் ஒரு மாத்திரைக்கு 500 மில்லிகிராம். மருந்திலும் அளவிலும் வித்தியாசமே இல்லை.

இனி நீங்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படம் கிளினிக் பிளாஸ்டிக் பை. அதன் லேபிளில் மருந்தின் பெயரும் 500 மி.கி. என்ற அளவும் தெளிவாக இருக்கின்றன. வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. ஆக ஆறு மாத்திரை, 3,000 மில்லிகிராம். இதில் தவறே இல்லை. இதை மட்டும் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

இரண்டாவது, சளி மாத்திரை அட்டை. முன்பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்முகிற ஒருவர் படம், பெரிய எழுத்தில் சளி, மூக்கடைப்பு என்று விளம்பரம். பாராசிட்டமோல் என்ற சொல் முன்பக்கத்தில் இல்லை. அட்டையைத் திருப்பினால், பொடி எழுத்தில், "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது" என்ற வரிக்குக் கீழே மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஒன்று மூக்கடைப்புக்கு, ஒன்று தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும். மூன்றாவது பாராசிட்டமோல் 500 மில்லிகிராம். சளி மாத்திரையில் காய்ச்சல் மருந்து எதற்கு என்று கேட்பீர்கள். சளி பிடித்தால் தலைவலியும் உடம்பு வலியும் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்று விற்பதற்காக அதையும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். நாளுக்கு மூன்று மாத்திரை, 1,500.

மூன்றாவது ஒட்டுக்கடைப் பனடோல், இரண்டு. 1,000.

நான்காவது அந்தப் பச்சைத் தண்ணீர் மருந்து. உங்களைக் குழப்பியது இதுதான், யாரையும் குழப்பும். அதில் பாராசிட்டமோல் என்ற சொல் எங்குமே இல்லை, எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அமெரிக்காவில் இதே மருந்துக்கு வைத்திருக்கும் பெயர் அசெட்டாமினோஃபென். ஒரே பொருள், ஒரே வேதியியல் அமைப்பு, இரண்டு நாட்டில் இரண்டு பெயர். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நம் மலேசியாவும் பாராசிட்டமோல் என்கின்றன, அமெரிக்காவும் ஜப்பானும் அசெட்டாமினோஃபென் என்கின்றன. உங்கள் தம்பியின் புட்டியில் ஒரு வேளை அளவான 30 மில்லிலிட்டரில் 650 மில்லிகிராம் இருக்கிறது. அந்த மூடி சரியாக 30 மில்லிலிட்டர் பிடிக்கும். ஆக 650.

கூட்டிப் பாருங்கள். 3,000, 1,500, 1,000, 650. மொத்தம் 6,150 மில்லிகிராம். சாதாரண 500 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணினால் நாளுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். உடல்நலம் உள்ள பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4,000 மில்லிகிராம், அதாவது எட்டு மாத்திரை. அதுவும் எல்லை மட்டுமே. இவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பொருள் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் 52 கிலோதான் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நான்கு நாளாகக் கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. சாயங்காலத்தில் கொஞ்சம் குடிக்கும் பழக்கமும் உண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். அதை மறைக்காமல் சொன்னது பெரிய உதவி. இப்படிப்பட்ட உடம்புக்கு 4,000 என்ற எல்லையே அதிகம். நாங்கள் இன்னும் கீழே, 3,000-ஐத் தாண்டாமல் நிறுத்தச் சொல்வோம். அவர் அதன் இரண்டு மடங்கில் இருந்தார், தெரியாமலே.

அவர் ஒரு வேளையும் அதிகமாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்த அளவை ஒழுங்காகப் பின்பற்றினார். நான்கும் தனித்தனியே சரி, சேர்ந்தால் தவறு. அதனால்தான் இதை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் தொலைபேசியில் அழுதபோது நான் சொன்னதை மறுபடி சொல்கிறேன்: இதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். பாராசிட்டமோலைக் கல்லீரல்தான் கழித்து வெளியே அனுப்புகிறது. பெரும்பங்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் சிறுநீரில் போய்விடும். சிறு பங்கு மட்டும் வழியில் ஒரு நச்சுப்பொருளாக மாறும். அந்த நச்சைப் பிடித்து அடக்குவதற்குக் கல்லீரலிலேயே குளூட்டத்தயோன் என்ற ஒரு பொருள் கையிருப்பில் இருக்கிறது. சரியான அளவில் சாப்பிடும்வரை கையிருப்பு போதும், செலவானதை உடம்பு திரும்பச் செய்துகொள்ளும். அளவு மீறினால் நச்சு அதிகம் உண்டாகும், கையிருப்பு கரையும், கரைந்த பிறகு வரும் நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். பட்டினி கிடந்தால் கையிருப்பு முதலிலேயே குறைந்திருக்கும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு நச்சு உண்டாகும் பங்கு கூடும். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும் ஒருவருக்கு இரட்டை அளவு போவது இதனால்தான் மற்றவர்களைவிட ஆபத்து.

இதில் எனக்கு எப்போதும் பயம் தருவது அறிகுறிகள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் குமட்டல், வாந்தி, பசியின்மை, வியர்வை, சோர்வு, இவ்வளவுதான். இவை அத்தனையும் ஃப்ளூ காய்ச்சலிலும் வரும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? காய்ச்சல் முற்றிவிட்டது, இன்னும் ஒரு மாத்திரை கொடு என்பார்கள். நோய்க்குக் கொடுத்த மருந்தே அடுத்த நோயாகி, அது பழைய நோயைப் போலவே வேஷம் போடும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே வலி வரலாம். அதன் பிறகுதான் கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, பேச்சில் குழப்பம். மஞ்சள் தெரியும்வரை காத்திருந்தால் கல்லீரல் ஏற்கெனவே நன்றாக அடிபட்டிருக்கும்.

அன்று நான் உங்களிடம் கேட்ட கேள்விகள் இதைப் பற்றித்தான்: கண் வெள்ளை எப்படி இருக்கிறது, வலது பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா, எத்தனை நாளாக நான்கு மருந்தும் சேர்ந்து போகிறது. மூன்று நாள் என்றீர்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "எம்.சி. எடுத்தால் சம்பளம் போகுமே" என்று அவர் பின்னால் இருந்து சொன்னது எனக்கும் கேட்டது. வெட்டும் குலைக்கு ஏற்ற கூலி என்றால் ஒவ்வொரு நாளும் காசுதான். எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இத்தனை மருந்தையும் அடுக்கிக்கொண்டார் என்பதும் புரிந்தது. இருந்தும் அன்றே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். எல்லா அட்டையையும் புட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போகச் சொன்னேன்.

அந்தப் பைதான் மருத்துவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். ரத்தத்தில் பாராசிட்டமோல் எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் என்சைம் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரம் எவ்வளவு என்று பார்த்தார்கள். டெங்கி சோதனையும் தட்டணு எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். டெங்கி இல்லை. கல்லீரல் என்சைம் உயர்ந்திருந்தது. அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கரைந்துபோன அந்தக் குளூட்டத்தயோன் கையிருப்பைத் திரும்ப நிரப்ப உதவுவது அதுதான். ஒரே தடவையில் அதிகம் விழுங்கியவர்களுக்கு முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். உங்கள் வீட்டுக்காரரைப் போல நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த மணிக்கணக்கு பொருந்தாது. ரத்தச் சோதனையையும் சாப்பிட்ட மொத்த அளவையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார் என்று கேட்டபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

இப்போது நீங்கள் கேட்ட "எப்படிக் கண்டுபிடிப்பது" என்ற கேள்விக்கு வருகிறேன்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முதல் மாத்திரையைக் கொடுக்கும் முன் எல்லா மருந்தையும் மேசையில் எடுத்து வையுங்கள். பிரிட்ஜ் மேல் இருப்பது, கைப்பையில் இருப்பது, அவர் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடக்கும் பாதி அட்டை, எல்லாம். பிறகு ஒவ்வொன்றையும் திருப்புங்கள். முன்பக்கம் விளம்பரம், அதைப் படித்துப் பயன் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் இருக்கும். மலாயில் "மெங்கண்டுங்கி" என்று வரும் வரிக்குப் பக்கத்தில் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். என் கவுண்டரில் நானும் அப்படித்தான் செய்கிறேன்.

தேட வேண்டியது ஒரே மருந்தை, அதன் நான்கு வேஷத்தில். ஆங்கிலத்தில் எழுதினால் பாராசிட்டமோல் 11 எழுத்து, பி-யில் தொடங்கி எல்-லில் முடியும். மலாய் எழுத்தில் நடுவில் இருக்கும் சி மட்டும் எஸ் ஆகும், மற்றது அப்படியே. வெளிநாட்டுப் புட்டி என்றால் ஏ-யில் தொடங்கும் அசெட்டாமினோஃபென். அதைச் சுருக்கி ஏ.பி.ஏ.பி. என்று நான்கே எழுத்தில் போடுவதும் உண்டு. நம் ஊர் மருத்துவர்கள் கையால் எழுதும்போது பி.சி.எம். என்று எழுதுவார்கள், அதுவும் இதுவே. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையிடமே தேடச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பெயர் கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். மாத்திரை என்றால் ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று இருக்கும், வேளைக்கு இரண்டு சாப்பிட்டால் இரண்டால் பெருக்க வேண்டும். வெந்நீரில் கலக்கும் பொட்டலம் என்றால் ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மாத்திரைக்குச் சமமான 1,000 மில்லிகிராம் ஒரே பொட்டலத்தில் இருப்பதும் உண்டு. எலுமிச்சை வாசனையோடு தேநீர் மாதிரி குடிப்பதால் அதை மருந்து என்றே யாரும் எண்ணுவதில்லை. தண்ணீர் மருந்து என்றால் 5 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், நீங்கள் ஊற்றும் அளவுக்கு ஏற்றபடி கணக்குப் போட வேண்டும்.

650 அல்லது 665 என்று எண் போட்ட மாத்திரைகளும் நம் கடைகளில் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எட்டு மாத்திரை என்ற கணக்கு இவற்றுக்குச் செல்லாது. 665 என்பது மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்ய வேண்டி வடிவமைத்தது. அதை நாளுக்கு ஆறுக்கு மேல் சாப்பிடக்கூடாது, சாதாரண மாத்திரையோடு கலக்கவும் கூடாது.

கூட்டிப் பார்க்கும்போது காலண்டர் நாளை எடுக்காதீர்கள். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரம் எண்ணுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு இரண்டு, விடியற்காலை இரண்டு மணிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று இரண்டு, ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு என்று போனால், ஏழு மணி நேரத்துக்குள் 3,000 போய்விடுகிறது. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், ஆறு மணி நேரம் விட்டால் நல்லது. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நேரம், மருந்தின் பெயர், மில்லிகிராம் என்று எழுதி மருந்துப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். ராத்திரி நீங்கள் கொடுத்ததைக் காலையில் உங்கள் மாமியார் பார்த்துக்கொள்வார்.

லேபிள் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சில தனியார் கிளினிக் பைகளில் மருந்தின் பெயர் இருக்காது. "டெமாம்", "செல்செமா", "பாத்துக்" என்று அச்சடித்த வரியில் ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். காய்ச்சல், சளி, இருமல் என்பது நோயின் பெயர், மருந்தின் பெயர் அல்ல. கவுண்டரிலேயே நின்று, "இதன் பெயரைப் பையில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "டெமாம்" என்ற பை பெரும்பாலும் பாராசிட்டமோல்தான், ஆனால் "செல்செமா" பைக்குள்ளும் அது இருக்கலாம். இன்னொன்று, சந்தையில் உடம்பு வலிக்கு விற்கும் ஜாமு. மலேசியாவில் பதிவான எந்த மருந்துக்கும் MAL என்று தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அவை இல்லாத ஜாமுவில் உள்ளே இருப்பதாக எழுதியதும் உண்மையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. வேரும் இலையும் என்று எழுதிவிட்டு, உள்ளே வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் கலந்து விற்று மாட்டிக்கொண்ட பொருள்கள் உண்டு. காய்ச்சல் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

என் அப்பா ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா கையிலிருந்து வந்தது ஒரே வகைக் காய்ச்சல் மாத்திரை. வேறு கடை பக்கத்தில் இல்லை. இரண்டு இடத்திலிருந்து ஒரே மருந்து வர வழியும் இல்லை. இன்று அரசாங்கக் கிளினிக், தனியார் கிளினிக், பார்மசி, மளிகைக் கடை, ஒட்டுக்கடை, வெளிநாட்டுச் சொந்தம் என்று ஆறு கை நீள்கிறது. எந்தக் கைக்கும் மற்ற கை கொடுத்தது தெரியாது. பார்மசி தொடங்கிய புதிதில் நானே ஒருவருக்குச் சளி மாத்திரை கொடுத்து அனுப்பினேன், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் அவர் மனைவி வந்து சொன்னபோதுதான் அவர் ஏற்கெனவே பாராசிட்டமோல் முழு அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரே நாளில் நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தச் சளி மருந்தையும் நான் கவுண்டரைத் தாண்ட விடுவதில்லை. யாராவது கேட்காமல் விற்றால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: "பாராசிட்டமோல் வீட்டில் இருக்கிறது, அது இல்லாத சளி மருந்து கொடுங்கள்." இந்த ஒரு வாக்கியம் போதும்.

அப்படிக் கேட்டால் கிடைக்கும். மூக்கடைப்புக்குத் தனி மருந்து, இருமலுக்குத் தனி மருந்து, மூக்கைக் கழுவ உப்புநீர் என்று எல்லாமே காய்ச்சல் மருந்து இல்லாமல் வருகின்றன. காய்ச்சலுக்கும் வலிக்கும் கிளினிக் மாத்திரை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரையில் தூக்கம் தரும் மருந்தும் இருக்கலாம், ராத்திரிக்கான தண்ணீர் மருந்திலும் இருக்கலாம். அவை பெயரில் வேறாக இருந்தும் வேலையில் ஒன்றாக இருக்கும். உங்கள் தம்பியின் புட்டியில் அதுவும் இருக்கிறது. விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, நீண்ட கழியில் அரிவாள் பிடிக்கிறவருக்கு அந்த மயக்கம் தனி ஆபத்து.

பாராசிட்டமோல் பயமாகிவிட்டது, வேறு வலி மாத்திரைக்கு மாறிவிடுகிறேன் என்று சொன்னீர்கள். காய்ச்சல் நேரத்தில் அதைச் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் எந்தக் காய்ச்சலும் டெங்கியாக இருக்கலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை டெங்கியில் ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்கி இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமோல்தான் சரியான மருந்து, சரியான அளவில். இரண்டாம் மூன்றாம் நாளிலும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மருந்தைக் கூட்டாமல் ரத்தம் சோதிக்கப் போங்கள். டெங்கியே கல்லீரலைத் தொடும், அதன் மேல் இரட்டை அளவு மருந்தும் சேரக்கூடாது.

உங்கள் பேரனைப் பற்றிக் கடைசியில் கேட்டீர்கள். பிள்ளைகளுக்கு மாத்திரை எண்ணிக்கை கணக்கு இல்லை, எடைதான் கணக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். அவன் 12 கிலோ என்றால் ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியில் அது ஏழரை மில்லிலிட்டர். ஆனால் 5 மில்லிலிட்டரில் 250 உள்ள புட்டியும் அதே பழ வாசனையில், அதே நிறத்தில் வருகிறது. அதிலிருந்து ஏழரை ஊற்றினால் 375 போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு புட்டியையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஆசனவாயில் வைக்கும் மருந்து கொடுத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் பாராசிட்டமோல்தான், அதையும் ஒரு வேளையாக எண்ண வேண்டும்.

அளவு மீறிவிட்டது என்று எப்போதாவது சந்தேகம் வந்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. சாப்பிட்ட மருந்துகளின் பெயர், அளவு, நேரம், ஆளின் எடை, இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வாந்தி, வலது பக்க வலி, கண் மஞ்சள், குழப்பம் இருந்தால் அழைப்பை விட்டுவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999.

மருத்துவர் மறு ரத்தச் சோதனைக்குக் கொடுத்த தேதியைத் தவறவிட வேண்டாம். என்சைம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை குடியும் வேண்டாம், அவரைக் கேட்காமல் ஒரு பாராசிட்டமோல்கூட வேண்டாம். மீதமிருக்கும் பச்சைப் புட்டியைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். அடுத்த தடவை கிளினிக் போகும்போது பார்மசி கவுண்டரில் கொடுத்துவிடுங்கள், வேண்டாத மருந்தை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.